டெமோ கேட்கும் பக்கம்: எத்தனை கேள்வி வைப்பது, அனுப்பிய பிறகு என்ன சொல்வது?

வேலன்

கிடங்குகளில் சரக்கு இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் எங்களுடையது. நிறுவனங்களுக்கு மட்டும் விற்கிறோம். டெமோ கேட்கும் பக்கத்தைப் புதிதாக வடிவமைக்கும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

இன்றைய படிவத்தில் 11 கட்டங்கள் உள்ளன. பெயர், பதவி, நிறுவனம், மெயில், தொலைபேசி, நாடு, துறை, ஊழியர் எண்ணிக்கை, பட்ஜெட், எப்போது வாங்க உத்தேசம், எங்களை எப்படி அறிந்தீர்கள். எல்லாமே கட்டாயம். அனுப்பு பட்டனை அழுத்தினால் "நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று ஒரே ஒரு வரி வரும்.

மார்க்கெட்டிங் குழு மெயில் மட்டும் போதும் என்கிறது. சேல்ஸ் குழுவோ குப்பையாக வருகிறது, இன்னும் இரண்டு கேள்வி சேருங்கள் என்கிறது. நூறு கோரிக்கை வந்தால் இருபது டெமோகூட நடப்பதில்லை என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறார்கள். இதை எங்கிருந்து பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பது?

கதிர்

மார்க்கெட்டிங் சொல்வதுதான் சரி. கட்டம் கூடக் கூட நிரப்புகிறவர்கள் குறைவார்கள். மெயில், பெயர் இரண்டை மட்டும் வைத்துவிட்டு, மீதியை அழைத்துப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குள் அழைத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். அதற்கு மேல் போனால் லீட் ஆறிவிடும். எந்த நிறுவனத்துக்கும் இதுதான் விதி.

நிலா

எங்களிடமும் இதே பிரச்சினைதான். டெமோ கணக்கில் போட்டுவைக்கும் மாதிரித் தரவை ஒவ்வொரு இரவும் அழித்துப் புதுப்பிக்கிறோம். ஆனாலும் பகலில் யாராவது கன்னாபின்னாவென்று மாற்றிவிடுகிறார்கள். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித் தரவுத்தளம் கொடுப்பது நல்லதா?

வேலன்

நிலா, நான் கேட்பது அதற்கு முந்தைய கட்டம். எங்களிடம் ஆளே உட்கார்ந்து காட்டும் டெமோதான். அதற்கு நாள் கேட்கும் பக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்கினால் நானும் வந்து படிக்கிறேன்.

பொன்னி

சேல்ஸ் ஆபரேஷன்ஸில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த மாதிரிப் பக்கங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலன், கட்டத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக வந்த ஐம்பது கோரிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பக்கத்தில் எழுதுங்கள். "லீட் சரியில்லை" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. அழைத்தோம், எடுக்கவில்லை. பேசினோம், நம் பொருள் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நாள் குறித்தோம், அவர்கள் வரவில்லை. இப்படி நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். சிஆர்எம்மில் இல்லையென்றால் சேல்ஸ் ஆட்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். அரை நாள் வேலைதான். இது கையில் இல்லாமல் பேசுவதெல்லாம் ஊகம்தான்.

வேலன்

கேட்டு எழுதிவிட்டேன். ஐம்பதில் 9 பேருக்கு டெமோ நடந்தது. 14 பேரை யாராலும் பிடிக்க முடியவில்லை: அழைப்பை எடுக்கவில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. 8 பேர் வாங்க வந்தவர்களே இல்லை, அதாவது மாணவர்கள், வேலை தேடுகிறவர்கள், நமக்கே ஏதாவது விற்க வந்தவர்கள். 11 பேர் ரொம்பச் சின்ன நிறுவனங்கள். பேசி முடித்த பிறகுதான் ஒத்துவராது என்று தெரிந்திருக்கிறது. மீதி 8 பேர் நாள் குறித்தார்கள், ஆனால் அந்த நேரத்துக்கு வரவில்லை.

பொன்னி

இப்போது பேசலாம். கேள்விகளால் சரியாகக்கூடியது இதில் இரண்டு கூட்டம்தான்: வாங்க வராத 8, சின்ன நிறுவனங்கள் 11. ஆக 19. பிடிக்க முடியாத 14, வராமல்போன 8, ஆக 22 பேர், படிவத்தை அனுப்பிய பிறகு நழுவியவர்கள். இவர்கள் 11 கட்டத்தையும் பொறுமையாக நிரப்பியவர்கள் என்பதை மறக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் கைவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் இரண்டு குழுவும் கட்ட எண்ணிக்கைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பெரிய ஓட்டை "நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்ற அந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். பதில் மாறினால் அடுத்து நடப்பது மாறுமா? வேறு ஆளிடம் போகுமா, டெமோவில் காட்டுவது மாறுமா, டெமோவே வேண்டாம் என்று ஆகுமா? எதுவும் மாறாதென்றால் அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. "எங்களை எப்படி அறிந்தீர்கள்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டிங்குக்கு அது வேண்டும்தான், ஆனால் அந்தப் பதிலைப் பார்த்து எந்த சேல்ஸ் ஆளும் ஒன்றையும் மாற்றிச் செய்வதில்லை. அதை அனுப்பிய பிறகு வரும் பக்கத்தில், விருப்பமிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

ஊழியர் எண்ணிக்கை என்பது நல்ல கேள்வி போலத் தோன்றும், ஆனால் உங்கள் பொருளுக்கு அது தவறான கேள்வி. நானூறு பேர் வேலை செய்யும் ஆலையில் உங்கள் மென்பொருளைத் திறக்கப்போகிறவர்கள் ஆறு பேராக இருக்கலாம். முப்பது பேர் மட்டுமே உள்ள விநியோக நிறுவனத்தில் முப்பது பேரும் திறக்கலாம். ஆகவே "இதில் நுழைந்து வேலை செய்யப்போகிறவர்கள் ஏறத்தாழ எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதில் வரம்புகளை வேறு பக்கங்களிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் சேல்ஸ் எந்த எண்ணிக்கையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கோடு போடுங்கள்.

வேலன்

கேட்டேன். நான்கு பேர் வரை என்றால் எங்களிடம் வாங்குவதில் அவர்களுக்கே லாபமில்லை என்கிறார்கள். 5 முதல் 25 வரை என்றால் ஒரே டெமோவில் முடிவுக்கு வந்துவிடுவார்களாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் பல கிடங்குகள் இருக்கும், கணக்கு மென்பொருளோடு இணைக்க வேண்டியிருக்கும், அதனால் மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் டெமோ காட்டுவாராம்.

பொன்னி

அப்படியென்றால் கோடுகள் கிடைத்துவிட்டன. 1–4, 5–25, 26-க்கு மேல். நான்காவதாக "இன்னும் தெரியாது" என்றும் ஒன்று வையுங்கள். அது இல்லையென்றால் தெரியாதவர் வாய்க்கு வந்ததைத் தேர்ந்தெடுப்பார், நீங்கள் அதை நம்பி ஆள் அனுப்புவீர்கள். தெரியாதவரை நடுக் கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: "இப்போது சரக்குக் கணக்கை எதில் வைக்கிறீர்கள்?" நோட்டுப் புத்தகம், எக்செல், வேறு மென்பொருள், சொந்தமாக எழுதிய மென்பொருள். இது டெமோவையே மாற்றும் கேள்வி. எக்செல்லில் இருப்பவருக்கு முதல் பத்து நிமிடத்தில் அவருடைய ஷீட்டை உள்ளே இழுப்பதைக் காட்ட வேண்டும், ஏனென்றால் அவருடைய பயம் அங்கேதான் இருக்கிறது. வேறு மென்பொருளிலிருந்து வருகிறவர் ஏற்கெனவே ஒருமுறை மாறிப் பார்த்தவர். பழைய தரவு எவ்வளவு சுத்தமாக வெளியே வரும் என்று கேட்பார். மாணவர்களும் விற்க வந்தவர்களும் இந்தக் கேள்வியில்தான் தடுமாறி நிற்பார்கள். எல்லோரும் நிற்க மாட்டார்கள், ஆனால் கணிசமாகக் குறையும்.

மூன்றாவதாக, கட்டாயமில்லாத ஒரு திறந்த கட்டம்: "டெமோவில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?" இதில் இரண்டு வரி எழுதுகிறவர் அனேகமாக வாங்கவே வந்திருப்பார்.

தேவகி

நான் சேல்ஸில் இருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட்டும் வாங்கும் காலமும் கேட்காமல் ஒரு லீடைக் கையில் கொடுத்தால் நான் எதை முதலில் எடுப்பது? பட்ஜெட், அதிகாரம், தேவை, காலம் என்ற நான்கையும் பார்ப்பது ஐபிஎம் காலத்திலிருந்து சேல்ஸில் இருக்கும் பழக்கம். காரணம் இல்லாமல் அது நிலைத்திருக்காது. நாளுக்கு ஆறு டெமோ காட்டி, அதில் நான்கு பேர் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று தெரியும்போது வரும் சோர்வை, பக்கம் வடிவமைக்கிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

பொன்னி

தேவகி, அந்த நான்கும் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவை பேச்சில் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒருவர் உங்கள் பொருளையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் பட்ஜெட் என்ன என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பேரம் கெட்டுவிடக்கூடாதென்று மிகக் குறைத்துச் சொல்வார், அல்லது பட்டியலில் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போவார். வேலன், உங்கள் ஐம்பதில் பட்ஜெட் கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். பெரும்பாலானவை முதல் வரம்பிலேயே இருந்தால் அந்தக் கட்டம் எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

காலத்தை மட்டும் வேறு விதமாகக் கேட்கலாம். "எப்போது வாங்குவீர்கள்" என்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஆனால் "எந்தத் தேதிக்குள் புது முறை நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஏதாவது கட்டாயம் இருக்கிறதா?" என்று முதல் அழைப்பில் கேட்டால், புதுக் கிடங்கு திறக்கிறோம், பழைய மென்பொருளின் ஒப்பந்தம் முடிகிறது என்று காரணத்தோடு வரும். காரணத்தோடு வரும் தேதியை நம்பலாம்.

வேலன்

பார்த்தேன். ஐம்பதில் 41 பேர் முதல் வரம்பையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டெமோ நடந்த ஒன்பதில் ஏழும் அதில் அடக்கம்.

சேகர்

நான் வாங்கும் பக்கம் இருப்பவன். கொள்முதல் பிரிவு. எங்களுக்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டபோது ஐந்தாறு இடங்களில் டெமோ கேட்டேன். ஓரிடத்தில் படிவம் அனுப்பிய மறுநிமிடமே அழைப்பு வந்தது. நான் கூட்டத்தில் இருந்தேன். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தார்கள். அன்று மாலைக்குள் தெரியாத எண்களிலிருந்து வரிசையாக அழைப்புகள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், முதலிலிருந்து அதே கேள்விகள். நான் படிவத்தில் எழுதிய எதையும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பொருள் நன்றாக இருந்திருக்கலாம். நான் எண்ணையே முடக்கிவிட்டேன்.

கடைசியில் நாங்கள் வாங்கிய இடத்தில், படிவம் அனுப்பியதும் வந்த பக்கத்திலேயே யார் பேசுவார், எந்த எண்ணிலிருந்து அழைப்பார், எப்போது அழைப்பார் என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை உடனே சேமித்துவைத்தேன். அழைப்பு வந்ததும் எடுத்தேன். என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் அவ்வளவுதான்.

கதிருக்கு ஒரு வார்த்தை. ஐந்து நிமிடத்தில் அழைக்கிறார்கள் என்பதற்காக நான் யாரையும் நல்லவர்கள் என்று நினைத்ததில்லை.

கதிர்

சேகர் சார், உங்களுக்கு நடந்தது மோசமான அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரம் அழைத்தால் பலன் கூடும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. அதை எப்படி ஒதுக்க முடியும்?

பொன்னி

ஒதுக்க வேண்டியதில்லை, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துப் பேசலாம். 2011-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரையில் இருப்பது ஒரு மணி நேரக் கணக்கு. இணையத்தில் வந்த கேள்விக்கு ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்கள், அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில் முயன்றவற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாக, முடிவெடுக்கிறவரோடு உருப்படியாகப் பேச முடிந்தது என்கிறது. அதே கட்டுரைக்காக 2,241 அமெரிக்க நிறுவனங்களைச் சோதித்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம்தான்.

ஆகவே தாமதம் கெடுதல் என்பது சரி. ஆனால் சீக்கிரம் அழைக்கும் நிறுவனங்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வேகம் மட்டும் இருந்து, படித்துவிட்டு அழைக்கும் பழக்கம் இல்லையென்றால் சேகர் சொன்னதுதான் நடக்கும்.

வேலனுடைய விஷயத்தில், 5–25 பேர் கூட்டத்துக்கு அழைப்பே தேவையில்லை. படிவம் அனுப்பியதும் அடுத்த பக்கத்தில் காலண்டரைக் காட்டி, அவர்களையே நேரம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆர்வம் இருக்கும்போதே நாள் குறித்தாகிவிடும், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் இருக்கும் நேரங்களை மட்டும் காட்டுங்கள். மூன்று வாரம் தள்ளிக் குறித்த டெமோவுக்கு ஆள் வருவது அரிது.

26-க்கு மேல் உள்ளவர்களுக்குக் காலண்டருக்குப் பதிலாக ஒரு வாக்குறுதி. அதைச் சொற்களில் எழுதிக் காட்டுகிறேன், எங்கே கூர்மை வேண்டும் என்று தெரியும்:

> உங்கள் கோரிக்கை வந்துவிட்டது. பல கிடங்குகள் உள்ள நிறுவனங்களுக்கான குழுவிலிருந்து ஒருவர் நாளை, செவ்வாய்க்கிழமை, பகல் 12 மணிக்குள் இந்த எண்ணிலிருந்து அழைப்பார். பத்து நிமிடம் பேசுவோம். எத்தனை கிடங்குகள், எந்தக் கணக்கு மென்பொருள் என்ற இரண்டைத்தான் கேட்போம். அதை வைத்து உங்களுக்கேற்ற டெமோவைத் தயார்செய்து, நாள் குறிப்போம். டெமோ 40 நிமிடம். அழைப்பை எடுக்க முடியாவிட்டால் ஒரு மெயில் அனுப்புவோம், பிறகு இரண்டு முறை மட்டும் முயல்வோம். அதோடு நிறுத்திக்கொள்வோம். நேரத்தை மாற்ற வேண்டுமானால் இங்கே மாற்றலாம்.

இதில் "விரைவில்" என்ற சொல்லே இல்லை. நாளும் நேரமும் இருக்கின்றன. அந்த நேரத்தை உங்கள் வேலை நேரத்தை வைத்துக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். வெள்ளி இரவு அனுப்பியவரிடம் நாளை பகல் என்று சொன்னால், முதல் வாக்கே பொய்யாகிவிடும்.

தேவகி

இது நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் 12 மணி என்று எழுதிவிட்டு, எங்கள் பக்கம் யாரும் எடுக்கவில்லையென்றால்? எங்களிடம் அடிக்கடி நடப்பது அதுதான். எல்லோருக்கும் பொதுவான ஒரு மெயில்பெட்டிக்குக் கோரிக்கை வரும், வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வோம்.

பொன்னி

வேலனுடைய 14 பேரில் பாதிப் பேர் அப்படித்தான் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொது மெயில்பெட்டிக்குப் போகவே கூடாது. வந்த நொடியில், சுழற்சி முறையில், ஒருவர் பெயரில் விழ வேண்டும். அவர் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துக்கொண்டேன் என்று குறிக்கவில்லையென்றால் அடுத்தவர் பெயருக்குத் தானாக மாற வேண்டும், மேலாளருக்கும் தெரிய வேண்டும். விடுப்பில் இருப்பவரைச் சுழற்சியிலிருந்து எடுப்பதை யாராவது ஒருவர் தினமும் காலையில் பார்க்க வேண்டும். சுழற்சி முறை வைத்த இடங்களில் பெரும்பாலும் உடைவது இதில்தான்.

அழைப்பதற்கு முன் படிவத்தைப் படித்தார் என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. அவர் பேசும் முதல் வாக்கியத்தில் வாடிக்கையாளர் எழுதிய பதில் இருக்க வேண்டும். "எக்செல்லில் கணக்கு வைப்பதாக எழுதியிருந்தீர்கள், எத்தனை ஷீட்டுகள் ஓடுகின்றன?" என்று ஆரம்பித்தால், எதிரே இருப்பவருக்குத் தான் எழுதியது வீண்போகவில்லை என்று தெரிந்துவிடும்.

அருள்

நான் ஃப்ரண்ட்எண்ட் பார்ப்பவன். வராமல்போன அந்த 8 பேரைப் பற்றி ஒரு சந்தேகம். வேலன், உங்கள் நினைவூட்டல் மெயிலில் "டெமோவை ரத்துசெய்ய" என்று லிங்க் இருக்கிறதா? அதைத் திறந்ததுமே ரத்தாகிவிடுமா, இல்லை இன்னொரு பக்கம் வந்து அங்கே பட்டன் அழுத்த வேண்டுமா?

வேலன்

திறந்ததுமே ரத்தாகிவிடும். ஒரே கிளிக்கில் முடிய வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். ஏன்?

அருள்

ரத்துப் பதிவான நேரத்தையும் மெயில் போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள், உள்ளே வரும் மெயிலில் உள்ள லிங்குகளைத் தாங்களே திறந்து சோதிப்பது உண்டு. மனிதர் மெயிலைப் பார்ப்பதற்கு முன்பே லிங்க் திறக்கப்பட்டிருக்கும்.

வேலன்

எட்டில் மூன்று அப்படித்தான். மெயில் போன அதே நிமிடத்தில் ரத்து பதிவாகியிருக்கிறது. மூன்றுமே பெரிய நிறுவனங்கள். அவர்கள் ஆர்வமில்லாமல் விலகிவிட்டார்கள் என்று சேல்ஸில் மூடிவைத்திருக்கிறார்கள். இன்றே மூவருக்கும் எழுதச் சொல்லிவிட்டேன்.

அருள்

லிங்கைத் திறந்தால் எதுவும் மாறக்கூடாது, ஒரு பக்கம் மட்டும் வர வேண்டும். அந்தப் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால்தான் ரத்தாக வேண்டும். அதாவது GET-ல் காட்டுங்கள், POST-ல் மாற்றுங்கள்:

```html
<form method="post" action="/demo/cancel">
  <input type="hidden" name="token" value="...">
  <p>செவ்வாய் காலை 10:30 டெமோவை ரத்துசெய்யவா?</p>
  <button>ஆம், ரத்துசெய்</button>
</form>
```

அப்புறம் நேரம். நாட்டுக்கு நாடு நேரம் மாறுமென்றால் மெயிலில் வெறும் "10:30" என்று எழுதாதீர்கள். அவர் நேரம் தேர்ந்தெடுத்தபோது அவருடைய பிரவுசர் சொன்ன நேர மண்டலத்தைச் சேமித்து, அதன் பெயரோடு எழுதுங்கள். மெயிலோடு .ics கோப்பு ஒன்றையும் இணையுங்கள், காலண்டரில் சரியான இடத்தில் போய் உட்காரும்.

உறுதி மெயில் ஸ்பேமில் விழுகிறதா என்றும் பாருங்கள். பிடிக்க முடியாத 14 பேரில் சிலருக்கு உங்கள் மெயில் போய்ச் சேர்ந்தே இருக்காது. மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் SPF, DKIM, DMARC அமைப்புகள் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சேல்ஸ் ஆட்கள் சிஆர்எம் வழியாக அனுப்பும் மெயிலுக்கும் அவை பொருந்த வேண்டும். பல இடங்களில் முதன்மை மெயில் சர்வருக்கு மட்டும் அமைத்துவிட்டு, சிஆர்எம்மை மறந்துவிடுகிறார்கள்.

படிவத்திலும் சின்ன விஷயம் ஒன்று. கட்டங்களுக்கு `autocomplete` சேர்த்தால் பிரவுசரே நிரப்பிக்கொடுக்கும். நிரப்புகிறவருக்கு ஐந்து கட்டம் இரண்டு போலத் தெரியும்:

```html
<label for="org">நிறுவனம்</label>
<input id="org" name="org" autocomplete="organization">
<label for="mail">மெயில்</label>
<input id="mail" name="mail" type="email" autocomplete="email">
```

கட்டத்தின் பெயரை உள்ளே மங்கலாக மட்டும் எழுதி `label`-ஐ விட்டுவிடாதீர்கள். தட்டச்சு ஆரம்பித்ததும் மறைந்துவிடும். பாதி நிரப்பியவர் எதை எங்கே எழுதினோம் என்று தேடுவார்.

கதிர்

ஜிமெயில் போன்ற இலவச முகவரிகளைத் தடுத்துவிடலாமா? குப்பையில் பாதி குறைந்துவிடும்.

பொன்னி

தடுக்காதீர்கள். சொந்த நிறுவனம் நடத்துகிற பலர் இலவச முகவரியில்தான் எல்லாம் பேசுகிறார்கள். 5–25 கூட்டத்தில் அவர்கள் நிறைய இருப்பார்கள். குப்பை அனுப்ப நினைப்பவரோ ஒரு போலி நிறுவன முகவரியை எழுதிவிட்டுப் போவார். நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள், இலவச முகவரி என்றால் காலண்டரைக் காட்டுவதற்கு முன்னால் மெயிலுக்கு ஓர் உறுதி எண் அனுப்புங்கள். உண்மையான ஆள் அதைச் செய்வார்.

சேகர்

தொலைபேசி எண்ணையும் கட்டாயமாக்காமல் விட்டால் என் போன்றவர்கள் உண்மையான எண் கொடுப்போம். கட்டாயமாக்கினால் பத்து இலக்கம் நிரம்பினால் சரி என்று எதையாவது போட்டுவிடுவோம்.

தேவகி

அதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய நிறுவனங்களில் மெயிலுக்குப் பதிலே வராது. எண் இல்லாமல் 26-க்கு மேல் உள்ளவர்களை எப்படிப் பிடிப்பது?

பொன்னி

26-க்கு மேல் என்று தேர்ந்தெடுத்த பிறகு மட்டும் எண் கேட்கும் கட்டத்தைக் காட்டலாம். பக்கத்திலேயே "நேரம் குறிக்க ஒரே ஒரு அழைப்புக்காக" என்று காரணத்தையும் எழுதுங்கள். சொன்ன காரணத்துக்கு மேல் அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. கட்டாயமாக்குவதா என்பதை உங்கள் இடத்திலேயே சோதித்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு விதமாகவும் பலித்திருக்கிறது.

வேலன்

இதுவரை பேசியதை வைத்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர், நிறுவனம், மெயில், எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், இப்போது எதில் கணக்கு. ஆறாவதாக அந்தத் திறந்த கட்டம், கட்டாயமில்லை. பட்டனில் "சமர்ப்பி" என்று இருந்ததை எடுத்துவிட்டு "டெமோவுக்கு நேரம் பார்க்க" என்று மாற்றியிருக்கிறேன். பட்டனுக்குக் கீழேயே அடுத்து என்ன நடக்கும் என்று இரண்டு வரி. 5–25 என்றால் காலண்டர், 26-க்கு மேல் என்றால் எண் கேட்டுவிட்டுப் பொன்னி அக்கா எழுதிய வாக்குறுதி.

1–4 பேருக்குத்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: "நான்கு பேர் வரை உள்ள இடங்களுக்கு எங்கள் மென்பொருள் அதிகப்படி. அது வேலை செய்யும் விதத்தை இந்த 12 நிமிட வீடியோவில் பார்க்கலாம். விரைவில் ஆட்கள் கூடுவார்கள் என்றால் சொல்லுங்கள், நேரம் குறிப்போம்."

தேவகி

"அதிகப்படி" என்று நம் வாயாலேயே சொல்ல வேண்டுமா? இன்று நான்கு பேர் இருக்கும் இடம் அடுத்த வருடம் பதினைந்து பேர் ஆகலாம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அப்படி வந்தவர்தான்.

சேகர்

வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாக்கியத்தைப் படித்தால் எனக்கு நம்பிக்கைதான் வரும். ஆட்கள் கூடும்போது முதலில் அங்கேதான் போவேன். அதற்குப் பதிலாக அழைத்துப் பேசி, அரை மணி நேரம் கழித்து ஒத்துவராது என்று சொன்னால்தான் கோபம் வரும்.

பொன்னி

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. கடைசி வாக்கியத்தை ஒரு பட்டனாகவே ஆக்குங்கள்: "ஆட்கள் கூடப்போகிறார்கள், பேச வேண்டும்". அதை அழுத்துகிறவர்களைத் தனிப் பெயரில் குறித்துவைத்து, அவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று மூன்று மாதம் பாருங்கள். தேவகி சொன்னது போல் நல்ல வாடிக்கையாளர்கள் அங்கிருந்து வந்தால் கோட்டை நான்கிலிருந்து இறக்கலாம்.

அளக்கும்போது எத்தனை பேர் படிவம் அனுப்பினார்கள் என்பதை முதல் எண்ணாக வைக்காதீர்கள். கட்டம் குறைந்ததால் அது எப்படியும் கூடும், மார்க்கெட்டிங் வென்றதாகத் தெரியும். நடந்த டெமோக்கள், சொன்ன நேரத்துக்குள் அழைத்தவை, இந்த இரண்டையும் வாரா வாரம் இரண்டு குழுவும் சேர்ந்து பார்க்கட்டும். ஒத்துவராது என்று மூடும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதாமல் மூட முடியாதபடி சிஆர்எம்மில் வைத்துவிடுங்கள்.

வேலன்

பட்டன் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ரத்தான மூவரில் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். டெமோவுக்கு நேரத்துக்கே வந்து காத்திருந்தாராம், நாங்கள் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். வியாழக்கிழமைக்குக் குறித்திருக்கிறோம்.

பக்கத்தில் விலையைக் காட்டுவதா வேண்டாமா என்று உள்ளே இன்னொரு சண்டை ஓடுகிறது. தேவகி, சேகர், இருவரும் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். ஆரம்ப விலை என்று ஒன்றை மட்டும் காட்டினால் உங்களுக்கு எப்படி?

சேகர்

காட்டுங்கள். என் மேலதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

தேவகி

26-க்கு மேல் உள்ளவர்களுக்கு அந்த எண் தவறாகவே இருக்கும், வேலன். இணைப்பு வேலை, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் இரண்டு மடங்காகும். பிறகு நான்தான் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 5–25-க்கு மட்டும் காட்டுவதென்றால் யோசிக்கலாம்.